தமிழ் ஸ்டோர் பக்கத்தில் அந்த 80 எழுத்து ஏன் போதவில்லை?

கேள்வி: என் மொபைல் செயலிக்குக் கூகுள் பிளேயில் தமிழ் ஸ்டோர் பக்கம் சேர்க்கிறேன். குறு விளக்கத்தை மொழிபெயர்த்துப் போட்டால் 80 எழுத்தைத் தாண்டிவிட்டது என்கிறது. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இல்லையே? விளம்பர வரி என்பதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்:

நீங்கள் எண்ணியதும் சரி, ஸ்டோர் எண்ணியதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு பொருளை எண்ணுகிறீர்கள், அவ்வளவுதான்.

நமக்கு ‘கு’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ம்’ என்றாலும் இரண்டு, ஏனென்றால் புள்ளியும் கணக்கில் வரும். ‘ஸ்ரீ’ நான்கு. கூகுள் பிளேயில் பெயருக்கு 30, குறு விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4000 என்ற வரம்புகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான். ஆக, தமிழில் நமக்கு உண்மையில் கிடைப்பது இடைவெளியையும் சேர்த்து ஐம்பதை ஒட்டிய எழுத்துகள். மொழிபெயர்த்துவிட்டு வெட்டலாம் என்று நினைத்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த வரவு செலவுச் செயலிக்கு மொழிபெயர்ப்பில் முதலில் வந்தது இது:

> உங்கள் தினசரி செலவுகளைக் கண்காணிக்கவும், பட்ஜெட்டுகளை அமைக்கவும், இணையம் இல்லாமலேயே பயன்படுத்தவும்

கண்ணுக்குத் தெரியும் எழுத்து 54தான். இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்துக் கணினி எண்ணினால் 98. பதினெட்டு அதிகம். ஆனால் நீளம் மட்டும்தான் குறை என்று சொல்ல மாட்டேன். ‘கண்காணிக்கவும்’ என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் கண்காணிப்பது காவல்காரர், கேமரா, மேலதிகாரி. தன் செலவை யாரும் கண்காணிப்பதில்லை, கணக்குதான் வைப்பார்கள். பணம் சம்பந்தப்பட்ட செயலியின் முதல் வரியிலேயே கண்காணிப்பு என்று வந்தால் படிப்பவர் ஒரு நொடி தயங்குவார். அப்புறம், அந்த ‘வும்’ வரிசை. மூன்று வினையும் ‘வும்’ என்றே முடிவதால் அலுவலக அறிவிப்புப் பலகையின் தொனி வந்துவிட்டது. பட்ஜெட்டுக்குப் பன்மை வேறு.

நாங்கள் செய்தது மொழிபெயர்ப்பை மூடி வைத்துவிட்டு, இந்தச் செயலி என்ன செய்கிறது என்று ஒருவருக்கு வாயால் சொல்லிப் பார்த்ததுதான். கடைசியில் நின்றது இது:

> பணம் எங்கே போகிறது? செலவை எழுதினால் கணக்கு தானே வரும். இணையம் தேவையில்லை.

இதில் எழுத்து 36. இடைவெளி ஒன்பதும் குறிகள் மூன்றும் போக, கணினியின் கணக்கில் அந்த 36 எழுத்தே 61 ஆகிறது. மொத்தம் 73. பட்ஜெட் விஷயம் முழு விளக்கத்துக்குப் போய்விட்டது. குறு விளக்கத்தில் மூன்று வசதிகளைத் திணிக்கத்தான் வேண்டுமா என்று பிறகு யோசித்தபோது, வேண்டாம் என்றே பட்டது.

சரி, எண்ணியும் எண்ணிக்கை இடிக்கிறதா? எழுதியவரின் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். ‘போ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கீழே உள்ள நிரல் கோப்பில் இருப்பதை அப்படியே ஒருமுறையும், ஒரே குறியாகச் சேர்த்து ஒருமுறையும் எண்ணிக் காட்டும்:

```python
import unicodedata
t = open("short_description.txt", encoding="utf-8").read().strip()
print(len(t), len(unicodedata.normalize("NFC", t)))
```

இரண்டு எண்ணும் வேறாக வந்தால், `normalize` தருகிற இரண்டாவது வடிவத்தைப் போடுங்கள். இதிலும் அகப்படாத ஒரு பிழை உண்டு: ‘மௌனம்’ என்பதை ஒற்றைக்கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டி எழுதுவது. அது வேறு எழுத்து, எந்த நிரலும் தானாகத் திருத்தாது, தேடினாலும் பொருந்தாது. ஔகாரம் வரும் சொற்களைக் கையால் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

தேடல் என்றதும் இன்னொன்று. தமிழில் சொல் வேற்றுமை ஏற்று உருமாறிவிடும்: செலவை, செலவுக்கு, செலவுகளை. தேடுபவரோ ‘செலவு கணக்கு’ என்று வெறுமனே, சந்தி இல்லாமல் தட்டுவார். எங்கள் செயலியின் பெயரில் ‘செலவுக் கணக்கு’ என்று இலக்கணப்படியே வைத்தோம். முழு விளக்கத்தின் முதல் பத்தியில் ‘வரவு, செலவு, சேமிப்பு’ என்று உருபு ஏறாத சொற்கள் இயல்பாக வரும்படி ஒரு வாக்கியம் அமைத்தோம். அதற்காக ஒரே சொல்லைப் பத்து முறை அடுக்காதீர்கள், அது விதிமீறல். பெயரில் ‘இலவசம்’, ‘நம்பர் 1’ போன்றவையும் கூடாது.

விளம்பர வரி வேறு சங்கதி. அது ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இருப்பது. 170 எழுத்து, முழு விளக்கத்துக்கு மேலே வரும், புதிய பதிப்பு அனுப்பாமலே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தேடலுக்கு உதவாது. இந்த மாதம் வந்த வசதி, சில நாளைக்கு மட்டும் உள்ள சலுகை போன்றவற்றுக்குத்தான் அது. பிளேயின் குறு விளக்கத்தை அதில் ஒட்டுவது இடத்தை வீணாக்குவது. அங்கே குறு விளக்கத்தின் வேலையைச் செய்வது 30 எழுத்துத் துணைத்தலைப்பு. தமிழில் 30 என்றால் இரண்டு மூன்று சொல்தான், நாங்கள் அதற்கு ஒரு மாலை முழுக்கச் செலவழித்தோம்.

பிளேயில் தமிழுக்கான குறியீடு `ta-IN`. பக்கத்தை ஏற்றுவதற்கு ஃபாஸ்ட்லேன் என்ற கருவியைப் பயன்படுத்தினால் கோப்பு இங்கே இருக்க வேண்டும்:

```
fastlane/metadata/android/ta-IN/short_description.txt
```

தமிழ்ப் பக்கத்துக்குத் தனிப் படங்கள் ஏற்றாவிட்டால், இயல்பு மொழியின் படங்களே அங்கும் வரும். படம் மட்டுமல்ல, செயலிக்குள்ளும் தமிழ் வேண்டும். எங்களுக்கு வந்த முதல் ஒற்றை நட்சத்திரம் அது தொடர்பானதுதான்: பக்கம் தமிழில் இருக்கிறது, உள்ளே பொத்தானெல்லாம் ஆங்கிலம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னது நியாயம். செயலிக்குள் வரும் தமிழ்ச் சொற்களுக்கான `values-ta/strings.xml` கோப்பு தயாராகும்வரை பக்கத்தை வெளியிடாமல் வைத்திருந்திருக்க வேண்டும். உங்கள் செயலிக்குள் தமிழ் இன்னும் வரவில்லை என்றால், முழு விளக்கத்தில் அதை வெளிப்படையாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடும் முன் பிளே கன்சோலின் புள்ளிவிவரப் பகுதியில் பக்கத்துக்கு வருகிறவர்களை மொழிவாரியாகப் பாருங்கள். தமிழ் பேசுபவர் எல்லோரும் போனைத் தமிழில் வைத்திருப்பதில்லை. ஆங்கிலத்தில் வைத்திருப்பவருக்கு உங்கள் ஆங்கிலப் பக்கம்தான் தெரியும். எங்கள் பக்கத்துக்குத் தமிழில் வந்தவர்கள் கொஞ்சம்தான். அதனால் இரண்டு வரிகளை வைத்து எது எடுபடுகிறது என்று சோதனை ஓட்டியபோது முடிவே தெரியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டோம்.

கடைசியாக, போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைப் பெரிதாக்கிவிட்டு உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் பழைய வரைவு ஒன்றில் ‘இணையம் தேவையில்லை’ என்பது வரி மடங்கி, முதல் வரி ‘இணையம்’ என்றும் அடுத்த வரி ‘தேவையில்லை’ என்றும் பிரிந்து நின்றது. ஓடுகிற கண்ணுக்கு முதல் வரி மட்டும்தான் பட்டது.