புட்-கால் பேரிட்டி: கால் விலை தெரிஞ்சா புட் விலை என்ன? கேள்வி பதில்

எம்பிஏ ரெண்டாம் வருஷம்: சார், கால் விலை கொடுத்து புட் விலை கண்டுபிடின்னு எக்ஸாம்ல கேக்கறாங்க. ஃபார்முலா மனப்பாடம், ஆனா ரெண்டும் ஏன் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்ட மாதிரி இருக்குன்னு புரியல. நிஃப்டி நம்பர் வச்சு காட்டுங்களேன்.

நிஃப்டி ஸ்பாட் 24,000, ஸ்ட்ரைக்கும் 24,000, எக்ஸ்பைரிக்கு 30 நாள், வட்டி 6.5%, கால் 420 ரூபாய்னு வச்சுக்கோங்கம்மா. டிவிடெண்டை இப்போதைக்கு மறந்துடுங்க.

ஒருத்தர் கால் வாங்கிட்டு, கூடவே 23,872 ரூபாயை டெபாசிட்ல போடறார், அது 30 நாள்ல 24,000 ஆகிடும். இன்னொருத்தர் நிஃப்டியையே வாங்கி ஒரு புட்டும் சேத்து வாங்கறார். எக்ஸ்பைரி அன்னிக்கு நிஃப்டி 25,000-ன்னா முதல் ஆளுக்கு டெபாசிட் 24,000, கால்ல 1,000, மொத்தம் 25,000. ரெண்டாவது ஆள்கிட்ட இருக்கற நிஃப்டியும் 25,000, புட் செல்லாக்காசு. 23,000-க்கு விழுந்தா முதல் ஆளோட கால் போச்சு, ஆனா 24,000 பணம் கைல இருக்கு, ரெண்டாவது ஆளுக்கு நிஃப்டி 23,000 ப்ளஸ் புட்ல 1,000. எங்க முடிஞ்சாலும் ரெண்டு பேருக்கும் ஒரே தொகைதான் வருது, அப்ப இன்னிக்கு ரெண்டு பேர் போடற பணமும் ஒண்ணா தானே இருந்தாகணும், இல்லன்னா விலை கம்மியா இருக்கறதை வாங்கி அதிகமா இருக்கறதை விக்க ஆள் வந்துடுவாங்க.

```
P = C - S + K/(1 + r*T)
P = 420 - 24000 + 23872 = 292
```

புட் 292. இதுல வாலட்டிலிட்டிங்கற பேச்சே வரல பாருங்க. அது ஏற்கனவே 420-க்குள்ள இருக்கு, மார்க்கெட் ஏறுமா இறங்குமாங்கற கருத்தும் தேவையில்ல. எக்ஸ்பைரி அன்னிக்கு மட்டும் எக்ஸர்சைஸ் பண்ற ஐரோப்பிய ஆப்ஷன்னா போதும், நிஃப்டி அப்படித்தான்.

தேனி_தம்பி: அண்ணா, அட்-த-மணில கால், புட் ரெண்டும் ஒரே விலைதானே இருக்கணும்? கால் 420, புட் 292-ன்னா மார்க்கெட் ஏறும்னு எல்லாரும் நினைக்கறாங்கன்னு அர்த்தமா?

பாதி சரி தம்பி. ரெண்டும் ஒரே விலையா வர்ற ஒரு ஸ்ட்ரைக் இருக்கு, ஆனா அது ஸ்பாட் நிக்கற இடம் இல்ல, ஃப்யூச்சர் நிக்கற இடம். இந்த கணக்குப்படி ஃப்யூச்சர் 24,128 கிட்ட இருக்கணும், அதனால 24,100, 24,150 ஸ்ட்ரைக்ல போய் பாருங்க, கால் புட் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்துடும். 24,000-ல வர்ற 128 ரூபா வித்தியாசம் முழுக்க ஒரு மாச வட்டி, அதுல யாரோட நம்பிக்கையும் இல்ல. ஒரே ஸ்ட்ரைக்ல காலோட ஐவி 11, புட்டோட ஐவி 15-ன்னு ஏதாவது ஆப்ல வந்தா, பயத்துல புட் வாங்கறாங்கன்னு கதை கட்டறதுக்கு முன்னாடி அந்த ஆப் ஸ்பாட்டை வச்சு கணக்கு போடுதா ஃப்யூச்சரை வச்சா போடுதான்னு பாருங்க, பெரும்பாலும் அங்கதான் விஷயம் இருக்கும்.

கரூர்_ஆப்ஷன்: கணக்குல 292 வருது, மார்க்கெட்ல அதே புட் 330-க்கு ஓடுதுன்னா என்ன செய்யணும்? நிஃப்டியை ஷார்ட் அடிக்க முடியாதே.

50 கம்பெனியையும் சரியான அளவுல கடன் வாங்கி விக்கறது நம்மால ஆகாது, அதனாலதான் ஸ்பாட்டுக்கு பதிலா அதே எக்ஸ்பைரி ஃப்யூச்சரை வச்சு பாக்கணும். அது 24,128-ல ஓடுதுன்னு வச்சுக்குவோம். புட் விலை அதிகம், அதை விக்கணும், கால் வாங்கணும், ஃப்யூச்சர் விக்கணும். 420 கொடுத்து 330 வாங்கினா கைவிட்டு போனது 90, அதாவது கால் வாங்கி புட் வித்ததுல நிஃப்டியை 24,090-க்கு வாங்கின மாதிரி ஆச்சு, ஃப்யூச்சர்ல 24,128-க்கு வித்தாச்சு. மிச்சம் 38 பாயிண்ட்.

சரி பாப்போம். நிஃப்டி 23,000-ல முடிஞ்சா வித்த புட்ல 1,000 நஷ்டம், ஃப்யூச்சர்ல 1,128 லாபம், போட்ட 90 கழிச்சா 38. 25,000-ல முடிஞ்சா கால்ல 1,000 லாபம், ஃப்யூச்சர்ல 872 நஷ்டம், 90 கழிச்சா அதே 38. ஃப்யூச்சரும் ஆப்ஷனும் ஒரே க்ளோசிங் விலைல செட்டில் ஆகறதால கடைசி நிமிஷத்துல நழுவவும் வழி இல்ல.

ஆனா 38 முழுசா கைக்கு வராது. கால் 420-ன்னு திரைல தெரியும், வாங்கப்போனா 422, புட் விக்கப்போனா 327, ஃப்யூச்சருக்கு 24,126, அங்கயே 31 ஆகிடுச்சு. ஃப்யூச்சர் விக்கறதுக்கு எஸ்டிடி 2024 அக்டோபர்ல 0.02% ஆனது, அந்த ரேட்லயே கிட்டத்தட்ட 5 பாயிண்ட் போகும், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறற விஷயம், நீங்க பண்ற அன்னிக்கு என்ன ரேட்டோ அதை போடுங்க. ஆப்ஷன் விக்கற எஸ்டிடி இங்க சின்னது. கால் இன்-த-மணில முடிஞ்சா எக்ஸர்சைஸுக்கு தனி எஸ்டிடி உண்டு, அதை நிறைய பேர் விட்டுடறாங்க. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், புரோக்கரேஜ் எல்லாம் போக 22, 23 நிக்கலாம். நிஜ நிஃப்டில 38 பாயிண்ட் கேப் உங்களுக்காக காத்துட்டு இருக்காதுன்னும் சொல்லிடறேன், புரியறதுக்காக பெருசா வச்சிருக்கேன், வழக்கமா தெரியற ரெண்டு மூணு பாயிண்ட் செலவுக்கே பத்தாது.

பழைய_டிரேடர்: பேப்பர்ல ரிஸ்க் இல்லதான். நானும் இதே மாதிரி மூணு லெக் போட்டேன், நிஃப்டி ஏற ஏற தினமும் பணம் கட்டச் சொன்னாங்க, கடைசில பாதில கட் பண்ணிட்டேன். லாபம் உறுதின்னா இது ஏன் நடந்துச்சு?

கணக்கு சரி, காசு ஓடற நேரம்தான் ஒத்துப்போகல. ஃப்யூச்சர் நஷ்டத்தை தினமும் ரொக்கமா எடுத்துடுவாங்க, கால்ல வர்ற லாபம் விலைல மட்டும்தான் இருக்கும், விக்கற வரைக்கும் இல்ல எக்ஸ்பைரி வரைக்கும் கைக்கு வராது. நிஃப்டி 25,000 போனா 872 பாயிண்ட், லாட் 65-ன்னா 56,680 ரூபா நடுவுல உங்க பாக்கெட்ல இருந்து போகணும், அதுவும் லாட்டுக்கு கிட்டத்தட்ட ஆயிரத்து ஐநூறு ரூபா லாபத்துக்காக. பாதில வெளிய வந்தா மூணு லெக்குக்கும் ஸ்ப்ரெட் மறுபடி கட்டணும், லாபம் அங்கயே கரைஞ்சிடும். மார்ஜினுக்கு மேல இந்த ரொக்கம் தனியா இல்லன்னா இந்த டிரேடை தொடவே கூடாதுங்கறது என் கட்சி. ஒரு லெக் மட்டும் நிரம்பி மத்தது நிக்கறது அடுத்த தலைவலி, அதனால எதுல ஆழம் கம்மியோ அதை முதல்ல போடுங்க, ஃப்யூச்சர் கடைசில.

புதுசு_2: எனக்கு ஒரு பெரிய ஆர்பிட்ரேஜ் சிக்கியிருக்கு சார். 21,000 கால் லாஸ்ட் பிரைஸ் 2,950, அதே ஸ்ட்ரைக் புட் 12, ஃப்யூச்சர் 24,128. நூத்தி எழுபதுக்கு மேல கேப்!

காலோட கடைசி டிரேட் எத்தனை மணிக்குன்னு பாருங்க. ஃப்யூச்சர்ல இருந்து 21,000 கழிச்சா 3,128, ஒரு மாச வட்டிய எடுத்தா 3,111, புட் 12 சேத்தா கால் 3,123 வரணும். 2,950-ங்கறது காலைல நிஃப்டி கீழ இருந்தப்ப யாரோ பண்ணின டிரேடா இருக்கும், அதுக்கப்புறம் அந்த ஸ்ட்ரைக்கை யாரும் தொடல. இப்ப விக்கறவங்க கேக்கற விலைய பாருங்க, 3,140 மாதிரி ஏதாவது நிக்கும், அந்த விலைல வாங்கினா உங்களுக்குத்தான் நஷ்டம். பேரிட்டி பாக்கறப்ப லாஸ்ட் பிரைஸை மறைச்சுட்டு வாங்கறதுக்கு ஆஸ்க், விக்கறதுக்கு பிட், இதை மட்டும் எடுங்க, நூறு பாயிண்ட் ஆர்பிட்ரேஜ் எல்லாம் அங்கயே மறைஞ்சிடும்.

கோவை_மாமா: இன்னிக்கு புட் கால் 1.3-க்கு மேல போயிடுச்சு, வாங்கலாமா?

அது புட்-கால் ரேஷியோ மாமா, எத்தனை கான்ட்ராக்ட் நிக்குதுன்னு எண்ணறது. இங்க பேசறது விலைய பத்தி. வாங்கலாமா வேணாமான்னு பேரிட்டி சொல்லாது.

வங்கி_ஊழியர்: ஒரு ஷேர் 500, ஸ்ட்ரைக் 500, ஒரு மாசம், கால் 18. உங்க ஃபார்முலால புட் 15.30 வருது, மார்க்கெட்ல ரெண்டு நாளா 21-க்கு மேலயே நிக்குது மேடம்/சார். புட் விக்கலாமா?

சார்தான். விக்கறதுக்கு முன்னாடி அந்த கம்பெனி எக்ஸ்பைரிக்குள்ள டிவிடெண்ட் கொடுக்குதான்னு பாருங்க. 6 ரூபா டிவிடெண்ட் இருந்தா ஷேர் வச்சிருக்கறவருக்கு அது கிடைக்கும், கால் வச்சிருக்கறவருக்கு கிடைக்காது, அதனால புட்டோட விலைல அந்த 6 ஏறிடும், 15.30 ப்ளஸ் 6, நீங்க பாக்கற 21.30. ரெண்டு நாளா ஒரே இடத்துல அசையாம நிக்கற கேப்புக்கு பெரும்பாலும் இப்படி ஒரு காரணம் இருக்கும், நிஜ தப்பு விலை அவ்வளவு நேரம் தாங்காது. டிவிடெண்ட் ரொம்ப பெருசா இருந்தா எக்ஸ்சேஞ்சே ஸ்ட்ரைக்கை குறைச்சிடும், அப்ப இந்த கணக்கு வேற. அப்புறம் நம்ம ஊர் ஸ்டாக் ஆப்ஷன் எல்லாம் டெலிவரில முடியும், எக்ஸ்பைரி வரைக்கும் வச்சிருந்தா ஷேரை கொடுக்கவோ வாங்கவோ தயாரா இருக்கணும்.

நியூஜெர்சி_நண்பர்: இங்க ஸ்டாக் ஆப்ஷன் எல்லாம் அமெரிக்கன் டைப், எப்ப வேணா எக்ஸர்சைஸ் பண்ணலாம். பேரிட்டி இங்க ஓடுமா?

சமமா ஓடாது, ஒரு எல்லைக்குள்ள ஓடும். டிவிடெண்ட் இல்லாத ஷேர்ல கால் மைனஸ் புட், ஷேர் விலைல இருந்து ஸ்ட்ரைக்கை அப்படியே கழிச்சதுக்கு கீழ போகாது, ஸ்ட்ரைக்கோட இன்னிக்கு மதிப்பை கழிச்சதுக்கு மேலயும் போகாது.

அங்க அதை விட பெரிய விஷயம் ஷேர் கடன் கிடைக்குமாங்கறது. 2000 மார்ச்ல 3காம் கம்பெனி பாம்-ல ஒரு சின்ன பங்கை மட்டும் வெளிய வித்துட்டு மிச்சத்தை தானே வச்சிருந்துச்சு. கொஞ்ச நாள்ல பாம் ஆப்ஷன் வந்தப்ப, ஷேர் 55 டாலர் கிட்ட ஓடுது, ஆனா கால், புட் விலைய வச்சு கணக்கு போட்டா பாம் 39 டாலர் கிட்டதான் வருது. புட் அவ்வளவு விலை, பேரிட்டி அப்பட்டமா உடைஞ்சு கிடக்குது, ஆனா எடுக்க முடியல, ஏன்னா மூணாவது லெக் பாம் ஷேரை ஷார்ட் அடிக்கறது, கடனுக்கு ஷேர் கிடைக்கறதே ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. புட் விலைல ஏறியிருந்தது அந்த கடன் கிடைக்காத கஷ்டம்தான். உங்க புரோக்கர் திரைல கடன் கட்டணம் கூடுதலா இருந்தா முதல்ல அதை கழிச்சு பாருங்க.

கடன்_கணக்கு: 6.5% எங்க இருந்து வந்துச்சு? நான் ஷேரை அடகு வச்சு 10.5%-க்கு கடன் வாங்கறேன். அதுல போட்டா புட் 215 வருது. எது சரி?

மார்க்கெட் விலை என்னன்னு கேட்டா உங்க வட்டியும் வேண்டாம் என் வட்டியும் வேண்டாம், ஃப்யூச்சருக்குள்ள என்ன வட்டி இருக்கோ அதை எடுங்க. டிரேட் பண்ணலாமான்னு கேட்டா உங்க வட்டிதான். புட் 250-ல ஓடுதுன்னு வைங்க. நிஃப்டியை வாங்கி, 250-க்கு புட் வாங்கி, 420-க்கு கால் வித்தா 23,830 போட்டு 30 நாள்ல 24,000 எடுக்கறீங்க, வருஷத்துக்கு 8.7% கிட்ட. கடன் வாங்கற உங்களுக்கு நஷ்டம், 6.5%-ல பணம் தூங்கற ஆளுக்கு லாபம்.

கடன்_கணக்கு: அந்த 8.7% பிசினஸ் வருமானமா வரி ஆகும், ஸ்லாப்ல மேல இருக்கறவனுக்கு என்ன மிஞ்சும்? டெபாசிட்டே தேவல.

டெபாசிட் வட்டியும் அதே ஸ்லாப்ல தானே வருது, அதனால வித்தியாசம் குறையும், மறையாது. ஆனா நிஃப்டி லெக்கை இடிஎஃப்ல வச்சா அது கேப்பிடல் கெயின், ஆப்ஷன் பக்கம் பிசினஸ், ஒரு பக்க நஷ்டத்தை இன்னொரு பக்கம் எப்படி கழிக்கறதுங்கறதுல உங்க சந்தேகம் நியாயம். அதை உங்க ஆடிட்டர்கிட்ட ரெண்டு விதமா போட்டு வாங்கிட்டு வாங்க, நான் இன்னும் 8.7 பக்கம்தான்.