தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் ஒரு பஸ்

"பத்தாம் வகுப்பில் 100 பேரிடம் தினமும் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று கேட்டு, காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டேன். 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குகிறவர்களின் சராசரி 72, மற்றவர்களுடையது 63. நன்றாகத் தூங்கினால் 9 மதிப்பெண் கூடும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாமா?" – ஓர் ஆசிரியை

இப்போதைக்குச் சொல்லாதீர்கள். உங்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த 9 மதிப்பெண் தூக்கத்தால்தான் வந்தது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தெருக்காரர்கள், பாதிப் பேர் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துப் பிள்ளை விடிவதற்கு முன்பே எழுந்தாக வேண்டும்; தூக்கம் குறைகிறது. அதே பஸ் பயணம் படிக்கும் நேரத்தையும் தின்றுவிடுகிறது. இப்போது நன்றாகத் தூங்கும் 50 பேரில் 40 பேர் பக்கத்து வீட்டுக்காரர்கள், 10 பேர் தூரத்தவர்கள். குறைவாகத் தூங்கும் 50 பேரில் இது அப்படியே தலைகீழ். பக்கத்தில் இருப்பவர்கள் எவ்வளவு தூங்கினாலும் சராசரி 75, தூரத்தவர்கள் எவ்வளவு தூங்கினாலும் 60 என்றே இருக்கட்டும். கூட்டிப் பாருங்கள்: முதல் குழுவுக்கு 72, இரண்டாவதற்கு 63. தூக்கம் ஒரு மதிப்பெண்கூடத் தராமலே உங்கள் 9 மதிப்பெண் வித்தியாசம் வந்துவிட்டது!

இன்னொன்றும் உண்டு. பாடத்தில் பின்தங்கிய பிள்ளை தேர்வு பயத்தில் தூங்காமல் கிடக்கலாம். அப்போது காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

அதனால் வீடு எவ்வளவு தூரம், பள்ளி விட்டதும் வேலைக்குப் போகிறார்களா, போன வருட மதிப்பெண் என்ன என்று மூன்றையும் கேளுங்கள். அப்புறம் தூரத்துப் பிள்ளைகளைத் தூரத்துப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் மறைந்தால், அது பெரும்பாலும் பஸ்ஸின் வேலை. மறையாவிட்டால் தூக்கம்தான் காரணமோ என்ற சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான்; நீங்கள் கேட்கத் தவறிய வேறு ஏதோ ஒன்று இன்னும் ஒளிந்திருக்கலாம்.

காரணத்தைப் பிடிக்க வேண்டுமானால், தூக்கத்தை நாமே மாற்றிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7:50-இலிருந்து 8:45-க்குத் தள்ளினார்கள். தூக்கத்தை வாய்வார்த்தையாகக் கேட்காமல் கையில் கட்டிய கருவியால் அளந்தார்கள். சுமார் 34 நிமிடம் கூடியிருந்தது. மதிப்பெண்ணும் 4.5 சதவீதம் உயர்ந்திருந்தது. நேரத்தை மாற்றியது நிர்வாகம், பிள்ளைகள் அல்ல. அதனால் "சீக்கிரம் தூங்குகிற பிள்ளை இயல்பிலேயே ஒழுங்கானவன்" என்ற சந்தேகம் பெருமளவு குறைகிறது. ஆனாலும் ஒப்பிட்டது வேறு வேறு வருட மாணவர்களை என்பதால், தூக்கம் கூடியது பற்றிய முடிவு அளவுக்கு மதிப்பெண் முடிவை என்னால் உறுதியாக நம்ப முடியவில்லை.

கூட்டத்தில் இப்படிச் சொல்லுங்கள்: "நம் பள்ளியில் நன்றாகத் தூங்குகிறவர்கள் சராசரியாக 9 மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறது என்று இந்தத் தாளில் எழுதிக் கொடுங்கள்."