பொடி எழுத்தில் எங்கே தேடுவது?

*ஆன்லைனில் 24,500 ரூபாய்க்கு மெத்தை வாங்கினேன். ‘100 இரவு சோதனை, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்றார்கள். வீட்டுக்கு வந்து 92 நாள் ஆகிறது, நடுவில் குழி விழுந்துவிட்டது. கேட்டால் வேறு மெத்தை தருகிறோம், பணம் கிடையாது என்கிறார்கள். கோபமாக ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?* – வாசகி, மதுரை

அதை அனுப்பாதீர்கள். வேறொன்றை இன்றிரவே அனுப்புங்கள் (உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன், நாள் ஓடுகிறது).

அவர்கள் தளத்தின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து trial, warranty, refund என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சோதனைக்கால விதியும் உத்தரவாத விதியும் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். முதலாவதில் பணம் திரும்பும்; இரண்டாவதில் பழுது பார்ப்பதோ மாற்றித் தருவதோ கம்பெனி இஷ்டம். ‘குழி’ என்று நீங்கள் சொன்னதும் உங்களை இரண்டாவதற்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே மெயிலில் குழியை முன்னால் வைக்காமல், ‘சோதனைக் காலத்துக்குள் திருப்பித் தருகிறேன், இன்ன எண் விதிப்படி பணம் வேண்டும்’ என்று எழுதுங்கள்.

அடுத்து, அந்த 100 இரவு எப்போது தொடங்குகிறது? டெலிவரி நாளிலிருந்து என்றால் இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஆர்டர் செய்த நாளிலிருந்து என்று போட்டிருந்து, மெத்தை வர ஒரு வாரம் ஆகியிருந்தால், இன்று உங்களுக்கு 99. கறை பட்டிருந்தால் எடுக்க மாட்டோம், குறைந்தது 30 இரவாவது படுத்திருக்க வேண்டும் என்கிற மாதிரி நிபந்தனைகளும் அதே பத்தியில்தான் ஒளிந்திருக்கும். பக்கத்தை PDF ஆகச் சேமித்துவிட்டு மெயில் அனுப்புங்கள். Last updated தேதி நீங்கள் வாங்கியதற்குப் பிந்தையது என்றால், வாங்கிய அன்று இருந்த விதியைக் கேளுங்கள்.

குறைதீர் அலுவலரின் பெயர் தளத்திலேயே இருக்க வேண்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

*‘பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம், தகராறு நடுவரிடம் போகும்’ என்று விதியில் இருக்கிறது. நான் திருநெல்வேலி. 9,000 ரூபாய்க்காக அங்கே போக முடியுமா?* – வாசகர்

போக வேண்டாம். இந்த வரியைப் பார்த்தாலே எனக்குக் கொதிக்கும். எத்தனை பேர் இதைப் படித்துவிட்டு, பஸ் செலவையும் வக்கீல் செலவையும் கணக்குப் போட்டு, பேசாமல் இருந்திருப்பார்கள்! அந்த வரியின் வேலையே அதுதான்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 34, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை பார்க்கும் மாவட்டத்திலோ வழக்குப் போடலாம் என்கிறது. நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்பது எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. பிரச்சினை தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘இந்த விதியே நியாயமற்றது, செல்லாது என்று அறிவியுங்கள்’ என்று மாவட்ட ஆணையத்தில் கேட்காதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். நீங்கள் பொருளின் குறையைச் சொல்லிப் பணத்தை மட்டும் கேளுங்கள். ஆனால் jurisdiction, arbitration என்று தேடி, அந்த வரிகள் இருந்தால் மனுவில் நீங்களே குறிப்பிட்டுப் பிரிவு 34-ஐ எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு எடுக்கப்போகும் முதல் ஆட்சேபம் அதுதான்.

*கூரியரில் அனுப்பிய 18,000 ரூபாய் பட்டுப்புடவை தொலைந்துபோனது. ரசீதின் பின்னால் ‘பொறுப்பு 100 ரூபாய் வரை’ என்று இருக்கிறதாம்.* – வாசகி, சேலம்

பாவம். ரசீதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாரதி நிட்டிங் – டிஎச்எல் வழக்கில், 1996-ல், கையெழுத்திட்ட சீட்டில் இருந்த 100 டாலர் வரம்பை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கையெழுத்து இல்லை, யாரும் காட்டவும் இல்லை என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. புகாரில் அதை முதல் பத்தியில் எழுதுங்கள். அப்புறம் புடவை பில், அனுப்பும்போது எழுதிக்கொடுத்த மதிப்பு. மதிப்பை எழுதவே இல்லையென்றால் கொஞ்சம் கஷ்டம்தான்.

*படிக்காமல் I agree அழுத்திவிட்டேன். ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதினால் போதுமா?* – வாசகர்

போதாது. இப்போதாவது படியுங்கள்.

*மிக்ஸி மூன்றாம் நாளே புகைகிறது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப்.* – வாசகர், கரூர்

பழுதான பொருளுக்கு அந்த ஸ்டாம்ப் ஒத்துவராது. பில்லில் காலக்கெடு இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பொருளைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நிறம் பிடிக்கவில்லை என்றால் மட்டும் கேட்காதீர்கள்.

நானும் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு 4,000 ரூபாய் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டேன். ‘ஃபில்டர் நீங்கலாக’ என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மெக்கானிக்குக் காபி போடப் போய்விட்டேன்.