ஸ்பீக்கரில் மட்டும் கீச் சத்தம்: யுஎஸ்பியா, ஆப்டிக்கலா?

"கேம் ஓடினால், மவுஸை நகர்த்தினால்கூட ஸ்பீக்கரில் கீச்சென்று சத்தம். அதே ஓட்டையில் ஹெட்போன் செருகினால் சுத்தமாக இருக்கிறது. யுஎஸ்பியில் செருகும் DAC என்ற வெளி சவுண்டு கார்டு வாங்கவா, ஹெட்போனோடு இருந்துவிடவா?"

ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இது பெரும்பாலும் எர்த் லூப். கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் தனித்தனியாக எர்த்தில் இருக்க, நடுவே ஆடியோ கேபிளின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் அதில் ஓடிச் சத்தமாகிறது. ஹெட்போனுக்குத் தனி மின் இணைப்பு இல்லை, அதனால் வளையமும் இல்லை.

ஸ்பீக்கர் கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி, சார்ஜரில் இல்லாத போனில் செருகிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அதுதான். (எர்த் பின்னை உடைக்கச் சொல்வார்கள், செய்யவே செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.)

யுஎஸ்பி DAC-இல் நான் ஏமாந்திருக்கிறேன். யுஎஸ்பி கேபிளிலும் கிரவுண்டு கம்பி உண்டே, சத்தம் அப்படியே அதன் வழியே வந்தது. ஆப்டிக்கல் கேபிளில் வெளிச்சம் மட்டும்தான் போகிறது, வளையம் அறுந்துவிடும். மதர்போர்டின் பின்னால் S/PDIF என்ற சதுர ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கரில் ஆப்டிக்கல் இல்லையென்றால் ஆப்டிக்கலைச் சாதாரண ஆடியோவாக மாற்றும் ஒரு சின்ன கன்வெர்ட்டர் நடுவில் போதும், ஆனால் அதற்கு மின்சாரம் கம்ப்யூட்டர் யுஎஸ்பியிலிருந்து கொடுத்தால் கிரவுண்டு மறுபடி சேர்ந்துவிடும், எர்த் பின் இல்லாத போன் சார்ஜரில் கொடுங்கள். அப்புறம் விண்டோஸில் அவுட்புட்டை Digital Output என்று மாற்ற வேண்டும்.

ஹெட்போன் இப்போதிருக்கும் ஓட்டையிலேயே இருக்கட்டும், அதற்குச் செலவு வேண்டாம்.