கடத்து ஆர்.என்.ஏ. உருவாவது எங்கே?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். 'கடத்து ஆர்.என்.ஏ. எந்த நிகழ்வில், செல்லின் எந்தப் பகுதியில் உருவாகிறது?' என்ற கேள்விக்கு மொழிபெயர்த்தல், சைட்டோபிளாசம் என்று எழுதினேன். அதே கேள்வியை ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்குக் கேட்டபோது படியெடுத்தல், உட்கரு என்று எழுதினேன். இரண்டுமே தப்பாம். புத்தகத்தில் உள்ள அட்டவணை எனக்கு மனப்பாடம். அப்புறம் எங்கே பிசகுகிறது?

பதில்: உங்கள் அட்டவணையில் தப்பில்லை. ஆனால் அதில் 'தேவைப்படுபவை' என்ற வரிசையும் 'விளைபொருள்' என்ற வரிசையும் தனித்தனி. கடத்து ஆர்.என்.ஏ. மொழிபெயர்த்தலுக்குத் தேவைப்படுகிறது, சரி. கேள்வியோ அது உருவாவதைப் பற்றியது. பிறந்த ஊரைக் கேட்டால் வேலை பார்க்கும் ஊரைச் சொல்லியிருக்கிறீர்கள்.

பொருளின் பெயரைப் பார்த்ததும் இடத்தைத் தேடாதீர்கள். அது எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். நியூக்ளியோடைடுகளால் ஆன ஆர்.என்.ஏ. எதுவானாலும் படியெடுத்தலில் வந்தது. அமினோ அமிலங்களைக் கோத்து உண்டான புரதம் என்றால் மொழிபெயர்த்தலில் வந்தது. நிகழ்வு முடிவானபிறகு இடத்தை எழுதுங்கள்.

கடத்து ஆர்.என்.ஏ.வை இப்படிப் பார்ப்போம். ஏறக்குறைய 76 நியூக்ளியோடைடுகள் கொண்ட சின்ன இழை அது. அதற்கென்று டி.என்.ஏ.வில் தனி மரபணுக்கள் உண்டு. உட்கருவுக்குள் அந்த மரபணு படியெடுக்கப்படுகிறது. வந்த இழையின் இரு முனைகளும் நறுக்கிச் சீராக்கப்பட்டு, உட்கருத் துளை வழியாக அது வெளியேறுகிறது. அமினோ அமிலத்தைச் சுமக்கும் வேலை அதற்குப் பிறகுதான். பாடப் படத்தில் ஒரு முனையில் அமினோ அமிலம் ஒட்டியிருப்பதைப் பார்த்து, இதுவும் புரதத்தின் வகைதானோ என்று பலர் தடுமாறுகிறார்கள். ஒட்டியிருப்பது சுமை மட்டுமே. ரைபோசோமில் அதை இறக்கிவிட்டு, கடத்து ஆர்.என்.ஏ. அடுத்த சுமைக்குப் போய்விடும்.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் கதை நேர் எதிர். அது ஒரு நொதி, அதாவது புரதம். மனித செல்லில் தூது ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் 2 என்ற நொதியில் 12 துணை அலகுகள் இருக்கின்றன. அந்த ஒவ்வொன்றுக்குமான மரபணு உட்கருவில் படியெடுக்கப்பட்டு, தூது ஆர்.என்.ஏ. சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. அங்கே ரைபோசோம்கள் அதை வாசித்துப் புரதமாக்குகின்றன. துணை அலகுகள் ஒன்றுசேர்ந்த நொதி பிறகு உட்கருவுக்குள் திரும்பிப் போகிறது. ஆக, உருவாகும் நிகழ்வு மொழிபெயர்த்தல், இடம் சைட்டோபிளாசம். வேலை செய்யும் இடத்தைக் கேட்டிருந்தால் உட்கரு என்ற உங்கள் விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். டி.என்.ஏ. பாலிமரேஸுக்கும் ஹிஸ்டோன்களுக்கும் இதே வழிதான்.

ரைபோசோமைக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். அதில் ஆர்.என்.ஏ.வும் உண்டு, புரதமும் உண்டு. எனவே ஒற்றை நிகழ்வைச் சொல்லி முடிக்க முடியாது. அதன் ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி உட்கருமணியில் படியெடுக்கப்படுகிறது. அதன் புரதங்கள் சைட்டோபிளாசத்தில் தயாராகி உட்கருமணிக்கு வந்து சேர்கின்றன. அங்கே துணை அலகுகளாகக் கூடி, மறுபடி வெளியே போகின்றன.

இன்னொரு இடத்திலும் மதிப்பெண் நழுவும். கேள்வியில் எந்த உயிரி என்று பார்க்காமல் 'படியெடுத்தல் என்றால் உட்கரு' என்று எழுதிவிடுவது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைத் தடுக்கிறது. அதாவது படியெடுத்தல் நிற்கிறது. எங்கே? சைட்டோபிளாசத்தில்தான், ஏனென்றால் பாக்டீரியாவுக்கு உட்கருவே கிடையாது. அதே நோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், ரைபோசோமின் சிறிய துணை அலகில் ஒட்டி மொழிபெயர்த்தலைக் கெடுக்கிறது. அதுவும் சைட்டோபிளாசத்தில்தான். இங்கே இடத்தை வைத்து நிகழ்வைக் கண்டுபிடிக்கவே முடியாது. மருந்து எதில் போய் ஒட்டுகிறது, அதனால் எது உருவாகாமல் நிற்கிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஈ. கோலை போன்ற பாக்டீரியாவில் தூது ஆர்.என்.ஏ. முழுதாகப் படியெடுக்கப்படும் முன்பே அதன் முன்முனையில் ரைபோசோம்கள் ஏறி வேலையைத் தொடங்கிவிடும். 'தூது ஆர்.என்.ஏ. வெளியே வந்த பிறகு மொழிபெயர்த்தல்' என்ற வரியை அங்கே எழுதாதீர்கள்.

மனித செல்லிலும் ஒரு விலக்கு உண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டி.என்.ஏ.வும் சொந்த ரைபோசோம்களும் இருக்கின்றன. அந்த டி.என்.ஏ.வில் உள்ள 37 மரபணுக்களில் 22 கடத்து ஆர்.என்.ஏ.வுக்கானவை. அவை படியெடுக்கப்படுவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே. கேள்வியில் மைட்டோகாண்ட்ரியா என்று குறிப்பிட்டிருந்தால் அதையே இடமாக எழுதுங்கள். குறிப்பிடாவிட்டால் கடத்து ஆர்.என்.ஏ.வுக்குப் படியெடுத்தல், உட்கரு என்பதே போதும்.