காலாவதியான கொட்டேஷனுக்கு முன்பணம் கட்டிவிட்டேன், இனி எந்த விலை?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். போர்வெல்லுக்கு 7.5 ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டார், 150 மீட்டர் கேபிள், பேனல், பைப் எல்லாம் சேர்த்து கோவைக் கடையில் ஜூலை 5 அன்று கொட்டேஷன் வாங்கினேன். வரியோடு 1,18,000 ரூபாய், 15 நாள் செல்லும் என்று போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று "கொட்டேஷன்படி ஆர்டர்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, 20,000 ரூபாய் அனுப்பினேன். "பணம் வந்துருச்சுங்க" என்று பதில் வந்தது. மறுநாள், விலை 6,608 ரூபாய் கூடிவிட்டது என்கிறார்கள். கேட்க முடியுமா?

பதில்: பழைய விலையைச் சட்டப்படி கேட்பது கஷ்டம். கொட்டேஷன் ஜூலை 20 அன்றோடு முடிந்துபோனது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 6-வது பிரிவு, ஏற்பதற்குக் குறித்த காலம் கடந்தால் அந்த முன்மொழிவே இல்லாமல் போகும் என்கிறது. ஆகஸ்டில் நீங்கள் அனுப்பியது அதற்கான ஒப்புதல் ஆகாது, உங்கள் பக்கத்திலிருந்து போன புதுக் கோரிக்கை. அதைக் கடைக்காரர் ஏற்க வேண்டும்.

ஏற்றாரா என்பதற்கு அந்தப் பதிலைத்தான் பார்க்க வேண்டும். "பணம் வந்துருச்சுங்க" என்பது பணம் சேர்ந்ததற்கான சாட்சி மட்டுமே. "ஆர்டர் போட்டாச்சு, வியாழக்கிழமை வண்டி வரும்" என்று எழுதியிருந்தால் பழைய விலைக்கே ஒப்புக்கொண்டார் என்று வாதாடலாம். பேச்சு முறிந்தால் உங்கள் 20,000 ரூபாயை அவர் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தமே ஆகாதபோது பிடித்துக்கொள்ள நியாயமில்லை.

ஆனால் நீங்கள் சண்டைக்குப் போவதை விட, மொத்தத்தை விட்டுவிட்டு வரிவரியாகக் கேளுங்கள். திருத்திய கொட்டேஷனை புது எண், புதுத் தேதியோடு எழுத்தில் வாங்கி, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன 6,608 ரூபாய் உயர்வு, உதாரணத்துக்கு, இப்படிப் பிரிந்திருக்கலாம்: கேபிள் மீட்டருக்கு 160 ரூபாயிலிருந்து 184 ரூபாய், அதில் 3,600 ரூபாய். மோட்டாரில் 2,000 ரூபாய். 5,600 ரூபாய்க்கு 18 சதவீத வரி சேர்த்தால் 6,608 ரூபாய். கேபிள் விலை செம்போடு ஏறி இறங்கும், அந்த உயர்வு நிஜமாகவே இருக்கலாம். பாலக்காட்டில் ஒரு கடையில் அதே கேபிளுக்கு விலை கேட்டாலே தெரிந்துவிடும். மோட்டாரோ ஏற்கெனவே குடோனில் இருந்த சரக்காக இருக்கும். "மோட்டாரைப் பழைய விலைக்குக் கொடுங்க, கேபிளுக்குக் கூடுதல் கொடுக்கிறேன்" என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் மொத்தம் 1,22,248 ரூபாய். எனக்குத் தெரிந்து, முன்பணம் கையில் இருக்கும்போது கடைக்காரர்கள் இந்தப் பேச்சுக்கு இறங்கி வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. "சரிங்க, பழைய ரேட்டுக்கே தர்றேன்" என்று உடனே ஒப்புக்கொண்டால் சந்தேகப்படுங்கள். கேபிளின் அளவை நைசாகக் குறைத்திருக்கலாம். முதல் கொட்டேஷனில் 4 சதுர மில்லிமீட்டர் என்றிருந்தது இரண்டாவதில் 2.5 ஆகியிருக்கும், அல்லது வெறும் "3 கோர் கேபிள்" என்றே இருக்கும். 150 மீட்டர் ஆழத்துக்கு மெல்லிய கம்பி போனால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும். இந்தச் சேமிப்பு காயில் கட்டும் செலவில் போய்விடும். கம்பெனி, மாடல், அளவு எல்லாம் இரண்டிலும் ஒன்றா என்று பார்த்த பிறகே விலைக்கு வாருங்கள்.

அப்புறம் ஆர்டர் செய்தி. இப்படி எழுதினால் போதும்: "திருத்திய கொட்டேஷன் எண் இன்னது, தேதி இன்னது. மொத்தம் வரியோடு 1,22,248 ரூபாய். டெலிவரி வரை விலை மாறாது. முன்பணம் 20,000 இதில் கழியும். கொழிஞ்சாம்பாறை வரை வண்டி வாடகை யாருடையது என்றும் சொல்லுங்கள்." அதற்கு "இந்த விலைக்கு ஆர்டர் ஏற்றோம்" என்று பதில் வந்த பிறகுதான் மீதிப் பணம். "டெலிவரி வரை விலை மாறாது" என்பதை விட்டுவிடாதீர்கள். பல கொட்டேஷன்களின் அடியில் சின்ன எழுத்தில் "டெலிவரி நாள் விலையே செல்லும்" என்று இருக்கும். அது இருந்தால், காலத்துக்குள் ஆர்டர் கொடுத்தாலும் உயர்வை உங்கள் தலையில் கட்டலாம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: 15 நாள் என்று போட்டதாலேயே கடைக்காரர் 15 நாளும் கட்டுப்பட்டவர் இல்லை. நீங்கள் ஏற்பதற்கு முன், ஐந்தாம் நாளே சொல்லிவிட்டு அவர் விலையைத் திரும்பப் பெறலாம்.

வரி பற்றிக் கவலை வேண்டாம். கேரளாவுக்கு பில் போட்டால் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், உள்ளூர் பில்லில் 9-ம் 9-ம், மொத்தம் ஒன்றே.

ஏற்றோம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் விலையைக் கூட்டினால் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காடு நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் பதிவு செய்து பாருங்கள்.