மெயிலுக்குள் திருடன் புகுந்தால் கூட்டாளிகளுக்கு என்ன எழுதுவது? கேள்வி பதில்

கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்துபவர்: அண்ணே, எங்கள் முன்பதிவு மெயிலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பாரிஸ் ஏஜென்ட் ஒருவர் போன் போட்டு, "புதுக் கணக்குக்கா பணம் அனுப்ப வேண்டும்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல்கள் அதில்தான் கிடக்கின்றன. மொத்தம் 14 ஏஜென்ட்கள். என்ன எழுதுவது?

முதலில் எழுதாதீர்கள், போன் போடுங்கள். 14 பேரில் இந்த மாதம் உங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் யாரோ அவர்களுக்கு முன்னால். "எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை, மாற்றச் சொல்லி வந்த மெயில் எங்களுடையது அல்ல" என்று சொன்னால் போதும். மற்றதைக் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தேன். ஜிமெயிலில் "Filters and Blocked Addresses" பகுதியில், invoice என்ற சொல் வரும் மெயிலை எல்லாம் வெளி முகவரிக்கு அனுப்பிவிட்டு, உங்கள் இன்பாக்ஸில் காட்டாமல் ஒதுக்கும் விதி ஒன்று போட்டிருக்கிறான். அதனால்தான் ஏஜென்ட்கள் கேட்ட சந்தேகம் எதுவும் உங்கள் கண்ணில் படவில்லை. அதை அழிக்கும் முன் படம் எடுத்தது நல்ல வேலை.

வரவேற்பு மேசைத் தம்பி போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை அடித்தது 3-ம் தேதி. நீங்கள் கண்டுபிடித்தது 11-ம் தேதி. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். "எட்டு நாள் மெயில்தான் போயிருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். திருடன் இருந்தது எட்டு நாள், ஆனால் பீரோவில் இருந்தது நீங்கள் அழிக்காமல் வைத்திருந்த அத்தனை வருஷத்துச் சரக்கு. 2019-ல் வந்த விருந்தினரின் பாஸ்போர்ட்டும் அதில் சேர்த்திதான்.

கடிதம் இந்த அளவுக்கு இருக்கட்டும். பாரிஸுக்கு ஆங்கிலத்தில் போகும், சாரம் இதுதான்:

"எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. 3-ம் தேதி முதல் 11-ம் தேதி வரை எங்கள் முன்பதிவு மெயிலை வெளியாள் ஒருவர் பயன்படுத்தியிருக்கிறார். அந்தப் பெட்டியில் நீங்கள் அனுப்பிய 23 விருந்தினர்களின் பெயர், பயணத் தேதி, பாஸ்போர்ட் நகல் ஆகியவை இருந்தன. பட்டியல் தனியே தருகிறோம். அவற்றை அவர் நகலெடுத்தாரா என்பது தெரியவில்லை, எடுத்ததாகவே கருதி நடக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கார்டு எண்களை நாங்கள் மெயிலில் வாங்குவதில்லை.

11-ம் தேதி மாலை கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, மெயிலைத் திருப்பிவிட்ட விதியை நீக்கினோம். காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் பதிந்துள்ளோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த எட்டு நாளில் எங்கள் பெயரில் வந்த மெயில்களைத் திரும்பப் பாருங்கள். அவற்றில் இருந்த இணைப்பைத் தொட்டிருந்தால் உங்கள் மெயில் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கணக்கு மாற்றம் பற்றி எது வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணுக்குப் பேசுங்கள். மெயிலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். 18-ம் தேதிக்குள் மறுபடி எழுதுகிறோம்."

23 என்பது உதாரணத்துக்கு. ஒவ்வொரு ஏஜென்டுக்கும் அவருடைய எண்ணிக்கை வேறு; பெட்டியில் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் வேலை அது, வேறு வழியில்லை.

14 பேருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரே மெயிலில் எல்லா முகவரியையும் போட்டால், உங்கள் ஏஜென்ட் பட்டியலை நீங்களே வெளியே விட்டதாகிவிடும். இணைப்பு, சுட்டி எதுவும் வைக்க வேண்டாம். போலி மெயிலுக்குப் பயந்திருப்பவர் அதைத் திறக்க மாட்டார். விருந்தினர் பட்டியலைக்கூட அவர் போனில் பேசி உறுதிசெய்த பிறகு அனுப்புங்கள்.

ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருப்பவர்: எங்களுக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆனது. உடனே கடவுச்சொல்லை மாற்றினேன், முடிந்தது. இதற்குப் போய் ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டுமா?

மாற்றியது சரி, பாதி வேலை. கடவுச்சொல்லை மாற்றினாலும் அவன் போட்டுவைத்த விதி அப்படியே இருக்கும். உங்கள் மெயில் இன்றும் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். "Forwarding and POP/IMAP" பக்கத்தையும் இப்போதே திறந்து பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

தண்டோரா வேண்டாம். அந்தப் பெட்டியில் யாருடைய தகவல் இருந்ததோ அவர்களுக்கு மட்டும் சொன்னால் போதும். உங்களிடம் டைல் வாங்கும் கட்டடக்காரரின் வரைபடமும் அவர் வாடிக்கையாளரின் முகவரியும் அதில் இருந்தால், அது அவர் தகவல்.

மறுபடி டைல் பட்டறைக்காரர்: பார்த்தேன் சார். தெரியாத முகவரி ஒன்று இருக்கிறது.

படம் எடுத்துவிட்டு நீக்குங்கள். உங்கள் எட்டு நாள் எட்டு நாளல்ல, ஒரு வருஷம். மேலே உள்ள கடிதம் இனி உங்களுக்கும்தான்.

காரைக்குடியில் சீடை, முறுக்கு, மனகோலம் செய்து அனுப்பும் ஆச்சி: தம்பி, என் பார்சல் பாதி உடைந்து போய்ச் சேர்கிறது. கூரியர்காரனுக்கு எப்படி எழுதுவது என்று கேட்கலாம் என்று வந்தேன்.

ஆச்சி, இது தகவல் உடைந்த கதை, மனகோலம் உடைந்த கதை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: வாடிக்கையாளர் முகவரி, போன் எண் எல்லாம் கூரியர்காரரோடு ஒரே எக்செல் தாளில் பகிர்ந்திருக்கிறீர்களா? அது அவர் பக்கம் கசிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறீர்களா? உடைசலுக்கு எழுதும்போது அதையும் ஒரு வரி சேருங்கள்.

தேவகோட்டை கணக்காளர்: ஒரு திருத்தம். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படி நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் incident@cert-in.org.in முகவரிக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டாளிக் கடிதம் அதற்கு மாற்று ஆகாது. ஐரோப்பிய ஏஜென்டுக்கோ, தன் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க, அவருக்குத் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரக் கெடு ஓட ஆரம்பிக்கும்.

நன்றி, நான் விட்டுவிட்டேன். 72 மணி நேரக் கணக்கால்தான் பாரிஸுக்கு முழு விவரம் கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்கிறேன். அவர் தன் ஊர் ஆணையத்துக்கு எழுத, எத்தனை பேர், எந்த வகைத் தகவல், நாம் என்ன செய்தோம் என்பது அவருக்கு வேண்டும். விவரம் குறைந்திருந்தாலும் முதல் கடிதம் போகட்டும், மிச்சம் 18-ம் தேதி போகும்.

மறுபடி கானாடுகாத்தான் விடுதிக்காரர்: எல்லோருக்கும் போன் போட்டேன். சென்னை ஏஜென்ட் ஒருவர் 9-ம் தேதியே 1,80,000 ரூபாயை அந்தப் போலிக் கணக்குக்குப் போட்டுவிட்டாராம். "உங்கள் மெயிலில் வந்தது, நீங்களே ஏற்க வேண்டும்" என்கிறார். கடிதத்தில் மன்னிப்பு கேட்டு எழுதலாமா?

அவரை இந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் பேசச் சொல்லுங்கள். பணம் போட்டவர் அவர், அவர் வங்கிக்கும் அவர்தான் சொல்ல வேண்டும். நாள் கடந்தாலும் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் முடக்கி வைப்பார்கள்.

மன்னிப்பு பற்றி: நடந்ததற்கு வருந்துகிறோம் என்று எழுதலாம். "நஷ்டத்தை ஏற்கிறோம்" என்று மட்டும் வக்கீலைக் கேட்காமல் எழுத வேண்டாம். புதுக் கணக்கு என்று வந்ததும் ஒரு போன் போட்டிருக்கலாமே என்று நீங்களும் கேட்கலாம், உங்கள் பெட்டியிலிருந்துதானே வந்தது என்று அவரும் கேட்கலாம்.

தேவகோட்டை கணக்காளர்: ஒப்பந்தத்தில் பணம் செலுத்தும் முறை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இருவரில் யார் பக்கம் என்று சொல்ல முடியாது.

கானாடுகாத்தான் விடுதிக்காரர்: ஒப்பந்தமா? அப்பா காலத்திலிருந்து வாய்வார்த்தைதான் சார்.